28 மைனாக்கள் 9 ஆன கதை

எங்கள் பள்ளியில் பத்து வாரம் பறவைகளைக் கணக்கெடுத்தோம். அதில் முதல் மூன்று வாரத் தாள்களைத் தனியே ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். எந்த ஒப்பீட்டுக்கும் அவை உதவாது என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

முதல் அடி நேரத்தில் விழுந்தது. காலை முதல் பாடவேளையைக் கேட்டிருந்தேன். அட்டவணையைப் பார்த்துக்கொள்பவர் தலையை நிமிர்த்தாமலே மதிய உணவுக்குப் பிந்தைய வேளையை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வெயிலில் பறவைகள் நிழலில் ஒடுங்கிவிடும், குரலும் எழாது. முதல் வாரம் எங்களுக்குக் கிடைத்தவை நான்கே இனங்கள். இரண்டாம் வாரம் வேறொரு வகுப்பு காலையில் வெளியே வந்ததால் பதினொன்று கிடைத்தன. பறவைகள் பெருகிவிட்டதாக மாணவர்கள் துள்ளினார்கள். மாறியது கடிகாரம் மட்டுமே. பிறகு பள்ளி தொடங்குவதற்கு அரைமணி முன்பாக, வாரந்தோறும் ஒரே கிழமையில், ஒரே இடங்களில், சரியாக 15 நிமிடம் என்று முடிவு செய்துகொண்டோம். அட்டவணைக்காரரிடம் மறுபடி போய் நிற்கும் தொல்லையும் ஒழிந்தது.

பெரிய தவறு எண்ணும் முறையில் இருந்தது. மூன்றாம் வாரம் விளையாட்டுத் திடல் ஓரத்தில் நின்ற குழு 28 மைனாக்கள் என்று எழுதியிருந்தது. அத்தனையை அங்கே நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என்ன நடந்தது என்று கேட்டபோது, கண்ணில் பட்டதையெல்லாம் வரிசையாகக் கூட்டியிருந்தது தெரிந்தது: புல்லில் முதலில் 9, அவற்றில் சில சுவருக்குப் பறந்து போய்த் திரும்பியபோது 6, பின்னர் இன்னொரு பக்கமிருந்து வந்தவை 8, கடைசியில் 5. போனவையே திரும்பி வருகின்றன என்பதை யாரும் யோசிக்கவில்லை, நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதற்குப் பின் ஒரே விதிதான்: 15 நிமிடத்துக்குள் ஓர் இனத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்து தெரிந்த அதிகபட்ச எண் எதுவோ அதை மட்டும் எழுத வேண்டும். முன்பு 5 எழுதிய பின் ஒரே பார்வையில் 9 தெரிந்தால் ஐந்தை அடித்துவிட்டு 9 எழுதலாம், கூட்டக் கூடாது. அந்த விதிப்படி பார்த்தால் அன்றைய மைனாக்கள் 9. புதருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் பறவைகள் இதில் குறைவாகவே பதிவாகும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா வாரமும் அதே விதத்தில் குறைவதால், வாரங்களை ஒப்பிடுவதற்குப் பெரிய பழுதில்லை. மூன்று இடங்களின் எண்களைக் கூட்டிப் பள்ளியின் மொத்தம் என்று அறிவிக்கும் ஆசையையும் விட்டுவிட்டோம், ஒரே காகம் மூன்று இடத்துக்கும் போய் வரலாம் அல்லவா?

வெற்றுக் கட்டங்கள் அடுத்த தலைவலி. அச்சிட்ட பட்டியலில் புள்ளிப்புறாவுக்கு நேரே ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால், தேடியும் காணவில்லையா, தேடவே இல்லையா என்பதை எப்படி அறிவது? தேடியும் காணாவிட்டால் 0 போட வேண்டும் என்றேன். என்ன புறா என்று உறுதியில்லையென்றால் ஊகித்துப் பெயர் எழுதாமல் 'புறா, இனம் தெரியவில்லை' என்ற வரியில் எண்ணைச் சேர்க்க வேண்டும். இதற்கென ஒரு வரியைத் தாளிலேயே அச்சிட்டுவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பிள்ளைகள் பெயரை ஊகித்துவிடுவார்கள்.

ஐந்தாம் வாரம், குரல் கேட்டே பறவையைச் சொல்லும் மாணவி விடுப்பில் இருந்தாள். பதினொரு இனங்கள் ஏழாகிவிட்டன. அன்று முதல் ஒவ்வோர் இடத்திலும் பழகிய ஒருவரும் புதியவர் ஒருவரும் நின்றார்கள்; ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுதினார். மாதத்துக்கு ஒருமுறை இரு குழுக்களை ஒரே இடத்தில் பேசாமல் எண்ணச் சொல்லித் தாள்களை ஒப்பிட்டேன். பொதுவான பறவைகளில் ஒன்றிரண்டுக்கு மேல் வேறுபட்டால் அந்தக் குழுவுடன் நானும் ஒரு காலை நின்றேன்.

எட்டாம் வாரம் வேலியோரத் தாளில் தவிட்டுக்குருவிக்கு நேரே 0 இருந்தது. நான்காம் வாரத்திலிருந்து அங்கே 6, 5, 7, 6 என்றே வந்திருந்ததால், மறந்து போட்டதோ என்று எழுதிய பையனைக் கூப்பிட்டேன். அவன் தாளைத் திருப்பிக் காட்டினான். குறிப்புக்கென விட்டிருந்த இடத்தில், 'வேலிப் புதர் நேற்று வெட்டப்பட்டிருக்கிறது. 15 நிமிடமும் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை' என்று எழுதியிருந்தது.