ஏரி சார்ட் தினமும் மாறுகிறது, அதன் விளக்கமும் கூடவே மாறவேண்டும்

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுகிறது. அந்த எண்களை எங்கள் சிறு குழுவில் ஒருவர் காலையில் ஒரு ஷீட்டில் ஏற்றுவார். உடனே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடி, பூண்டி, சோழவரம், புழல், கண்ணன்கோட்டை, செம்பரம்பாக்கம் ஆகிய ஐந்துக்கும் பட்டை சார்ட் வரைந்து, எங்கள் இணையப் பக்கத்தில் முந்தைய நாள் படம் இருந்த இடத்தில் வைத்துவிடும். படம் தினமும் புதிது. ஆனால் படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக வைக்கும் விளக்கமான `alt` வரி மட்டும் பக்கம் தொடங்கிய மழைக்காலத்தில் யாரோ கையால் எழுதியது. செம்பரம்பாக்கம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது என்று அது சொன்னது. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் கோடையிலும் அதையேதான் வாசித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தை நான் பொறுப்பேற்ற சமயத்தில், முழுக்கப் பார்வை இல்லாத ஓர் அண்ணன் இதைச் சொன்னார். அவர் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துகிறவர். "தம்பி, செய்தியில ஏரி வத்துதுங்கறாங்க, உங்க பக்கம் நிரம்பியிருக்குங்குது. நான் எதை நம்பறது?" என்று கேட்டார். விளக்கமே இல்லாவிட்டால், இங்கே தனக்கு எதுவும் கிடைக்காது என்றாவது அவருக்குத் தெரிந்திருக்கும். பழைய விளக்கம் அப்படியல்ல. அது இன்றைய செய்தி மாதிரியே காதில் விழுகிறது, தவறு என்று சந்தேகப்பட அதில் எந்த அடையாளமும் இல்லை.

விளக்கத்தை எழுத இன்னொரு ஸ்கிரிப்ட் வைத்து, அதைத் தனியாக ஓடவிடலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காலை ஏழு மணிக்கு சார்ட் வரைந்தபின் யாராவது ஷீட்டில் ஓர் எண்ணைத் திருத்தினால், ஏழேகாலுக்கு ஓடும் விளக்க ஸ்கிரிப்ட் வேறு எண்ணைச் சொல்லும். அதனால் ஸ்கிரிப்ட் ஷீட்டை ஒரே ஒரு முறை படித்து, தேதி, ஏரிவாரி இருப்பு, மொத்தம், போன வாரத்து மொத்தம் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக எடுத்து வைத்துக்கொள்ளும்படி மாற்றினோம். பட்டைகளை வரையும் பகுதியும் வாக்கியம் எழுதும் பகுதியும் அந்தத் தொகுப்பை மட்டுமே பார்க்கும், இரண்டுமே ஷீட்டைத் தொடாது. வாக்கியம் உருவாகவில்லை என்றால் படமும் வெளியே போகாது, நேற்றைய பக்கம் நேற்றைய தேதியோடு அப்படியே நிற்கும். கடைசி விதிக்குக் குழுவில் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது. படமாவது போகட்டுமே என்றார்கள். படம் மட்டும் போனால், பார்க்கிறவர்களுக்கு இன்றைய நிலவரமும் கேட்கிறவர்களுக்கு நேற்றைய நிலவரமும் என்று ஆகிவிடும் என்பதால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

படத்தின் கோப்புப் பெயரிலும் தேதியைச் சேர்த்தோம். முன்பு எப்போதும் ஒரே பெயர். அதனால் சிலருடைய பிரவுசர், சேமித்து வைத்திருந்த பழைய படத்தைப் புது விளக்கத்தோடு காட்டிவிடும். இப்போது பக்கம் புதிதானால் படமும் புதிதாகத்தான் வரவேண்டும்.

அடுத்து, என்ன சொல்வது என்ற கேள்வி. அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த ஆலன் லண்ட்கார்டும் அரவிந்த் சத்யநாராயணும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கு நிறைய உதவியது. சார்ட் விளக்கத்தை நான்கு படிகளாக அவர்கள் பிரிக்கிறார்கள்: சார்ட் எப்படி அமைந்திருக்கிறது, அதிலுள்ள எண்கள், கண்ணுக்குத் தெரியும் ஏற்ற இறக்கம், கடைசியாக அதன் பின்னணியும் காரணமும். பார்வையற்ற வாசகர்களில் பலர் நடுவிலுள்ள இரண்டையும்தான் பயனுள்ளதாகக் கருதினார்கள். காரணத்தைத் தாங்களே முடிவு செய்துகொள்ள விரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஏரிகள் விஷயத்தில் இது அப்படியே பொருந்துகிறது. பூண்டியில் இருப்பு கூடினால் மழை என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் பூண்டிக்குத்தான் வருகிறது. பூண்டியிலிருந்து கால்வாய் வழியாகப் புழலுக்குத் திருப்பிவிட்டாலும் ஓர் ஏரி இறங்கி இன்னொன்று ஏறும். ஷீட்டில் இருப்பது இருப்பு மட்டும்தான். அது ஏன் கூடியது என்பது ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. அதனால் "மழையால்" என்ற சொல் ஸ்கிரிப்ட் எழுதும் வாக்கியத்தில் வரவே கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

ஓர் உதாரணம். மில்லியன் கன அடியில், பூண்டியில் 1,939, சோழவரத்தில் 324, புழலில் 2,805, கண்ணன்கோட்டையில் 450, செம்பரம்பாக்கத்தில் 2,552 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8,070. ஐந்தின் முழுக் கொள்ளளவு 11,757. போன வாரம் இருப்பு 7,600. ஸ்கிரிப்ட் இப்படி எழுதும்:

"நவம்பர் 12, புதன்கிழமை நிலவரம். ஐந்து ஏரிகளிலும் சேர்த்து 8,070 மில்லியன் கன அடி, கொள்ளளவில் 69 சதவீதம். போன வாரத்தைவிட 470 கூடியிருக்கிறது. கண்ணன்கோட்டை 90 சதவீதத்துடன் அதிகம் நிரம்பியது, சோழவரம் 30 சதவீதத்துடன் குறைவு."

கூடியது, குறைந்தது என்று எப்போது சொல்வது என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டியிருந்தது. மிகச் சிறிய அசைவுக்கெல்லாம் "கூடியிருக்கிறது" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். கண்ணால் பார்க்கிறவருக்கு அந்த அளவு தெரியவே தெரியாது.

```python
def maatram(ippo, munbu, kollalavu):
    v = (ippo - munbu) / kollalavu * 100
    if abs(v) < 1:
        return "பெரிய மாற்றம் இல்லை"
    return "கூடியிருக்கிறது" if v > 0 else "குறைந்திருக்கிறது"
```

வித்தியாசத்தைக் கொள்ளளவால் வகுக்கிறோம், போன வார இருப்பால் அல்ல. காரணம், 2019 கோடை. அந்த ஆண்டு ஜூனில் இந்த ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோயின. பழைய எண்களை எடுத்து ஸ்கிரிப்டை ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் இது பிடிபட்டது. அடியில் கிடக்கும் கொஞ்சம் தண்ணீரோடு ஒப்பிட்டால், ஒரு சிறு மழைகூட பல மடங்கு உயர்வு என்று வரும். அதே நாள்களில் சதவீதத்தை முழு எண்ணாக்கினால் பூஜ்யம் என்று வந்தது. அந்த இடத்தில் இப்போது "ஒரு சதவீதத்துக்கும் குறைவு" என்று வரும். கண்ணன்கோட்டை பயன்பாட்டுக்கு வந்ததே 2020-இல் என்பதால் 2019-க்கான விளக்கம் "நான்கு ஏரிகள்" என்று சொல்ல வேண்டும், கொள்ளளவையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். வழக்கமான நாள்களை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

எண் வராத நாள்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. மேலே சொன்ன உதாரணத்தில் சோழவரத்தின் கட்டம் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் அதைப் பூஜ்யமாக எடுத்தால் மொத்தம் 7,746 ஆகிறது, 470 கூடியது என்பது 146 கூடியதாகச் சுருங்குகிறது. சார்ட்டில் ஒரு பட்டை இல்லாததைப் பார்க்கிறவர், ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று ஊகித்துவிடுவார். வாக்கியத்தில் அப்படி ஓட்டை எதுவும் தெரியாது, முழு உறுதியோடு தவறைச் சொல்லும். சில நிரல்களில் காலிக்கட்டம், எண் அல்ல என்று பொருள்படும் `NaN` ஆக வாக்கியத்துக்குள் புகுந்து, ஸ்கிரீன் ரீடர் அதையும் ஒரு சொல்லாக வாசித்துவிடும். அதனால் ஓர் எண் இல்லாவிட்டாலும் மொத்தத்தையும் ஒப்பீட்டையும் விட்டுவிடுகிறோம். "சோழவரத்தின் இன்றைய அளவு வரவில்லை, மற்ற நான்கின் நிலவரம்" என்று அந்த வாக்கியம் தொடங்கும். ஷீட்டில் புதிய வரிசையே இல்லை என்றால் விளக்கம் நேற்றைய தேதியைத்தான் சொல்லும். ஸ்கிரிப்ட் ஓடிய தேதியை ஒருபோதும் விளக்கத்தில் போடக்கூடாது.

தமிழுக்கென்று தனியாகக் கொஞ்சம் வேலை இருந்தது. ஏரியின் பெயரோடு "இல்" என்று ஒட்டினால் "செம்பரம்பாக்கம்இல்" என்று வருகிறது. ஐந்து ஏரிகள்தானே, இலக்கண விதி எழுதிக்கொண்டிருக்காமல் பூண்டியில், புழலில், செம்பரம்பாக்கத்தில் என்று ஒவ்வொன்றின் வடிவத்தையும் நேராகப் பட்டியலில் எழுதி வைத்துவிட்டோம். "மி.க.அடி" என்ற சுருக்கம் கண்ணுக்கு நல்லதுதான், காதுக்கு உதவாது. 12.11 என்று புள்ளி வைத்த தேதியும் அப்படியே. இரண்டையும் சொல்லாகவே எழுதுகிறோம். பக்கத்தில் `lang="ta"` இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், பயனரிடம் தமிழ்க் குரல் இருந்தும் ஸ்கிரீன் ரீடர் அதற்கு மாறாமல் போகலாம்.

எல்லாவற்றையும் `alt`-க்குள் திணிக்கவில்லை. அதை ஒரே மூச்சில் கேட்டாக வேண்டும், நடுவில் நின்று ஓர் எண்ணை மட்டும் திரும்பக் கேட்பது சிரமம். `alt`-இல் என்ன சார்ட், எந்தத் தேதி, மொத்தம் எவ்வளவு என்று மட்டும் இருக்கிறது. மேலே காட்டிய வாக்கியங்கள் படத்துக்குக் கீழே எல்லோரும் படிக்கும்படி `figcaption`-இல் வருகின்றன. அதற்கும் கீழே ஒரு நிஜமான `table`. அண்ணன் என்விடிஏவில் G தட்டிப் படத்துக்குப் போகிறார், T தட்டினால் அட்டவணை. வரிசைத் தலைப்பை `<th scope="row">` என்று குறித்திருப்பதால், நெடுக்காக இறங்கும்போது எண்ணுக்கு முன் ஏரியின் பெயரும் காதில் விழுகிறது. இந்த அட்டவணையை `aria-describedby` வழியாகப் படத்தோடு இணைக்க ஒரு முறை யோசித்தோம். அப்படிச் செய்தால் கட்டங்கள் எல்லாம் கலைந்து ஒரே நீள வரியாகிவிடும் என்பதால் கைவிட்டோம்.

ஒரு வாரம், ஓராண்டு என்று மாற்றிப் பார்க்கும் பொத்தானும் பக்கத்தில் உண்டு. அதை அழுத்தினால் பக்கம் மறுபடி ஏற்றப்படாமலே சார்ட் மாறும். அங்கே விளக்கத்தையும் அதே ஃபங்ஷன் மாற்றுகிறது. மாறியதைத் தெரிவிக்க `role="status"` கொண்ட ஒரு சிறு இடத்தில் "ஓராண்டு சார்ட் வந்துவிட்டது" என்று மட்டும் எழுதுகிறோம். முழு விளக்கத்தையும் அதில் போட்டுப் பார்த்தபோது அண்ணன், "தம்பி, பொத்தானைத் தொட்டா கதையே சொல்லுதே, நானே போய்ப் படிச்சுக்கறேன்" என்றார். அந்த இடம் காலியாகவாவது பக்கம் திறக்கும்போதே அங்கே இருக்க வேண்டும், அழுத்தியபின் புதிதாக உருவாக்கினால் சில ஸ்கிரீன் ரீடர்கள் கவனிப்பதில்லை.

ஓராண்டு சார்ட்டுக்கு 365 வரிசை அட்டவணை யாருக்கும் பயன்படாது. அங்கே ஒவ்வொரு மாதக் கடைசி நாளின் இருப்பு மட்டும் வருகிறது, விளக்கம் மிகக் குறைந்த நாளையும் மிக உயர்ந்த நாளையும் இன்றைய நிலையையும் சொல்கிறது.

இந்தப் படத்தை நிறையப் பேர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அங்கே `alt` கூடப் போகாது. அதனால் பகிரும் பொத்தானை அழுத்தினால் படத்தோடு அன்றைய விளக்கமும் செய்தியாகச் சேர்ந்து போகும்படி செய்திருக்கிறோம். கேலரியில் சேமித்து, படத்தை மட்டும் அனுப்புகிறவர்களுக்கு இன்னும் எங்களிடம் வழியில்லை.