கேஸ் ஷீட்டிலிருந்து எழுதிய நன்றியுரை

பல் மருத்துவ இறுதியாண்டு மாணவர்களின் விழாவில் மாணவர் சார்பாகப் பேசுபவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். நிகழ்ச்சி நிரலில் பத்து என்று போட்டிருப்பார்கள், நம்ப வேண்டாம். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார், முன்னால் பேசுகிறவர் நீட்டுவார், பின்னால் சாப்பாட்டு வாசனை வந்துவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து நோயாளிகளைப் பார்த்துப் படித்த ஒரு வகுப்பின் சார்பாக அந்த ஐந்து நிமிடத்தை எழுதியபோது எது நின்றது, எது விழுந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். அடுத்த வருடம் எழுதப் போகிறவர்களுக்கு உதவும்.

முதல் வரைவு எல்லோரும் எழுதுவது மாதிரிதான் இருந்தது. "எங்களைச் செதுக்கிய ஆசிரியர்களே, தூண்களாய் நின்ற ஊழியர்களே, தெய்வங்களாகிய நோயாளிகளே" என்று போனது. வாய்விட்டுப் படித்தபோது ஒன்று புரிந்தது. 'நோயாளிகளே' என்பதை எடுத்துவிட்டு 'வாடிக்கையாளர்களே' என்று போட்டால் அதே உரையை ஜவுளிக்கடைத் திறப்பு விழாவிலும் வாசிக்கலாம். கிழித்துப் போட்டுவிட்டு கேஸ் ஷீட்டுகளை எடுத்தோம். யாருக்கு எதற்காக நன்றி என்பது அதில் தேதியோடு இருக்கிறது.

முழு பல் செட் கேஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தகக் கணக்கில் நோயாளி ஐந்து முறை வந்தால் போதும். முதல் நாள் ஆரம்ப அளவு. இரண்டாம் நாள் அவருக்கென்று செய்த ட்ரேயில் ஓரங்களை க்ரீன் ஸ்டிக் வைத்துப் படியவைத்து இறுதி அளவு. மூன்றாம் நாள் மெழுகுக் கட்டை வைத்து மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உள்ள உறவைப் பதிவது. நான்காம் நாள் மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பது. ஐந்தாம் நாள் செட்டை மாட்டி அனுப்புவது. அதன்பிறகு மறுபார்வை.

நாங்கள் எடுத்த கேஸ் ஷீட்டில் ஒன்பது வருகை இருந்தது. ஆரம்ப அளவு ஒன்று, இறுதி அளவு மூன்று, தாடை உறவு இரண்டு, மெழுகுப் பார்வை ஒன்று, மாட்டியது ஒன்று, மறுபார்வை ஒன்று. இறுதி அளவு மூன்றானதற்கு அந்தத் தாத்தா காரணமில்லை. முதல் முறை கீழ்த்தாடையின் நாக்குப் பக்க ஓரம் குட்டையாக நின்றுவிட்டது. இரண்டாம் முறை பேஸ்ட் இறுகும் முன்பே ட்ரே அசைந்துவிட்டது. இரண்டுக்கும் மேம் 'ரிப்பீட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தாத்தா பென்னாகரம் பக்கத்திலிருந்து பேருந்து ஏறி வந்து, பேஸ்டில் இருக்கும் கிராம்பு எண்ணெய் காரத்தைப் பொறுத்துக்கொண்டு வாயைத் திறந்திருக்கிறார். தாடை உறவு இரண்டாம் முறை போனதற்கும் நாங்கள்தான் காரணம். உயரத்தைக் கூட்டி வைத்திருந்தோம். ஓய்வாக இருக்கும்போது மேல் கட்டைக்கும் கீழ் கட்டைக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அது இல்லாமல் செட் செய்து கொடுத்தால் பேசும்போது பல்லோடு பல் டக் டக்கென்று இடிக்கும், சாயங்காலத்துக்குள் தாடை வலிக்கும்.

இந்தக் கணக்கை அப்படியே உரையில் வைத்தோம்:

"ஐந்து முறை வரவேண்டிய உங்களை ஒன்பது முறை வரவைத்தோம். கூடுதலான நான்கில் மூன்று, நாங்கள் தவறு செய்து கற்றுக்கொண்ட நாட்கள். நாலாவது, உங்களுக்கு வலிக்கிறதா என்று பார்க்கக் கூப்பிட்ட நாள். அந்த மூன்று நாளுக்கும் நீங்கள் கூலி கேட்கவில்லை."

கடைசி வரியில் ஒரு தயக்கம் இருந்தது. கோட்டா முடிக்க நோயாளியின் கட்டணத்தையோ பேருந்துக் காசையோ மாணவர்களே கொடுப்பது பல இடங்களில் நடப்பதுதான். அதை மேடையில் சொன்னால் நோயாளி கூனிக்குறுகிப் போவார். காசு கொடுத்தோம் என்பதற்காக அவருடைய ஒரு நாள் வேலை ஈடாகிவிடாது. அதனால் பணத்தைப் பற்றிய பேச்சை முழுக்க எடுத்துவிட்டு, கூலி என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் பக்கத்துக் கணக்காக விட்டோம்.

பெயர் சொல்லவில்லை. பெயரை விட்டால் மட்டும் போதாது என்பது எழுதும்போதுதான் உறைக்கும். ஊர், வயது, வாயில் என்ன பிரச்சினை என்ற மூன்றையும் ஒன்றாகச் சொன்னால் அந்த ஊர்க்காரர் ஒருவர் மண்டபத்தில் இருந்தாலே ஆள் தெரிந்துவிடும். எனவே மேடையில் ஊர் வராது, வயது வராது, வருகைக் கணக்கு மட்டும் வரும். அதைச் சொல்லலாமா, இங்கே எழுதலாமா என்று தாத்தாவிடம் கேட்டும்கொண்டோம். "ஒம்போது தடவைன்னு நல்லா சத்தமா சொல்லு" என்றார்.

அடுத்து, இந்த மண்ணுக்கே உரிய ஒரு கேஸ். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பல் எனாமல் உருவாகும் சிறு வயதில் அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே உருவாகி முடிந்த பல்லைக் காவிரித் தண்ணீர் வெளுக்க வைக்காது. அதனால்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் இளைஞர்கள் இன்னும் ஓபிக்கு வருகிறார்கள்.

இவர்கள் எங்களுக்குக் கற்றுத்தந்த பாடம் தனி. காம்போசிட் ஒட்டுவதற்கு முன்னால் பல்லில் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தைச் சாதாரணமாக 15 முதல் 30 வினாடி வைத்தால் போதும். ஃப்ளோரைடு ஏறிய எனாமலின் மேல்பரப்பு அமிலத்துக்கு எளிதில் இளகாது. அதே நேரக் கணக்கில் ஒட்டினால் சில வாரத்தில் பெயர்ந்து வரும். மேல்பரப்பை லேசாகத் தேய்த்து, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். பெயர்ந்த பிறகு கோபப்படாமல் திரும்பி வந்தவர்களால்தான் இது எங்களுக்குக் கையில் படிந்தது. உரையில் 'கறை' என்ற சொல்லையே தவிர்த்தோம். "தண்ணீர் எழுதியதைத் திருத்த எங்களை நம்பி உட்கார்ந்தவர்களுக்கு நன்றி" என்று வைத்தோம். கொஞ்சம் அலங்காரம்தான். ஆனால் கேட்கிறவர் வாயைப் பொத்த வேண்டியிருக்காது.

ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில் பெயர்ப் பட்டியல் வேண்டாம் என்பது என் கருத்து. எட்டு துறை, ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர் என்று வாசித்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும், கட்டாயம் ஒருவர் விட்டுப்போவார். விட்டுப்போனவர் அடுத்த வருடம் இன்டெர்ன்ஷிப் போஸ்டிங்கில் எதிரே நிற்பார்! அதற்குப் பதில் அவர்கள் தினம் சொன்ன வாக்கியங்களைச் சொன்னோம். அளவு எடுக்கும்போது நோயாளி குமட்டினால், "ஆளை நேரா உட்கார வை, தலையை லேசா முன்னால குனியச் சொல், மூக்கால மூச்சு விடட்டும், ட்ரேயோட பின்பக்கம் ரொப்பாதே" என்று ஒரு சார் எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று சொல்வார். அதைச் சொன்னதும் யார் என்று மண்டபமே கண்டுபிடித்துவிட்டது. மேடையில் இருப்பவர்களுக்கு "மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்" என்ற ஒரே வாக்கியம். தொகுப்பாளர் ஏற்கெனவே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றிருப்பார்.

ஊழியர்கள் பகுதியில் வழக்கமாக "கடைநிலை ஊழியர்கள் வரை" என்று ஒரு வரி வரும். அதைத் தயவுசெய்து எழுதாதீர்கள். லேப் அண்ணாவையே எடுத்துக்கொள்ளுங்கள். செட்டுக்கான அக்ரிலிக்கை அச்சில் அடைத்து நீரில் வைத்துச் சூடேற்றும்போது 74 டிகிரியில் நிறுத்தி நிதானமாகப் போக வேண்டும். நாளைக்குள் வேண்டும் என்று அவசரப்பட்டு நேரே கொதிநிலைக்குக் கொண்டுபோனால், உள்ளே இருக்கும் மோனோமர் 100 டிகிரி சுமாருக்கு ஆவியாகி, தடித்த பகுதியில் பஞ்சு மாதிரித் துளை விழும். செட் அங்கேதான் ஒருநாள் உடையும். நாங்கள் கெஞ்சியும் சூட்டை ஏற்றாத அண்ணாவுக்கு அதற்காகவே நன்றி சொன்னோம். கருவிகளை அவித்துத் தந்த சிஸ்டருக்கும், ஊசியைத் தவறான வாளியில் போட்டால் அதே இடத்தில் நிறுத்திக் கேட்ட ஆயாம்மாவுக்கும் ஆளுக்கொரு வரி.

மொழி விஷயம் சுலபமாகவே முடிந்தது. முன்வரிசையில் நோயாளிகள் இருந்ததால் உரை முழுக்கத் தமிழ். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் வந்திருந்ததால், "நிம்மெல்லரிகூ தன்யவாதகளு", "மீ அந்தரிகீ தன்யவாதாலு" என்று ஒவ்வொரு வாக்கியம். அந்த வீட்டுப் பிள்ளைகளிடமே சொல்லிக் காட்டித் திருத்திக்கொண்டோம். ஒரு நகைச்சுவையும் இருந்தது. செட் மாட்டிய ஒரு பாட்டி, "களியை முழுங்கத்தானேப்பா போறேன், இதுக்கு எதுக்குப் பல்லு?" என்று கேட்டது. இந்தப் பக்கத்தில் ராகிக் களியை யாரும் மெல்லுவதில்லை. பாட்டி கேட்டதில் நியாயம் இருக்கிறது, சிரிப்பு எங்கள் மேல்தான் விழுகிறது. நோயாளி சிரிப்புக்கு ஆளாகும் எந்த வரியும் வேண்டாம்.

கடைசிப் பத்திதான் அதிகம் மாறியது. "போய் வருகிறோம்" என்று முதலில் எழுதியிருந்தோம். அது பொய். இறுதியாண்டு முடிந்தாலும் இன்னும் ஒரு வருடம் இன்டெர்னாக அதே ஓபியில்தான் இருப்போம். செட் வாங்கிப் போனவர்களில் பலர் மறுபார்வைக்கு வராமல் இருந்தார்கள். மாட்டிய மறுநாளும், பிறகு ஒரு வாரத்திலும் வரச் சொல்லியிருந்தோம். மாம்பழ சீசனில் யாரும் வரவில்லை. ஆகவே விடைபெறுவதை எடுத்துவிட்டு இதை வைத்தோம்:

"செட் உறுத்தினால் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நீங்களே கத்தியால் சுரண்டாதீர்கள். வரும் நாளன்று காலையிலிருந்து சில மணி நேரமாவது போட்டுக்கொண்டு வாருங்கள். கழற்றியே வைத்திருந்தால் புண் ஆறிவிடும், எங்கே உறுத்துகிறது என்று எங்களால் பார்க்க முடியாது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஓபி சீட்டு தொலைந்தாலும் பரவாயில்லை, வாருங்கள்."

அந்த இடத்தில் கைதட்டல் வரவில்லை. மேடையில் இருந்த ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை காலை, மஞ்சள் பையோடு மூன்று பேர் ஓபி வரிசையில் நின்றார்கள். இரண்டு பேர் செட்டை வாயில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்றாமவர் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அவரை மட்டும் அங்கேயே மாட்டிக்கொண்டு மதியம் வரை இருக்கச் சொன்னோம்.