மூன்றாம் வகுப்புக்கு ஒரு மறுசுழற்சிக் கதை: தண்டையார்பேட்டை வகுப்பறை நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025, திங்கள்

மறுசுழற்சி என்றதும் பிளாஸ்டிக், கண்ணாடி, இரும்பு, பேப்பர் எல்லாவற்றையும் ஒரே கதையில் திணிப்பதுதான் வழக்கம். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே பொருள் போதும். அதையும் வகுப்பிலேயே கையால் செய்து பார்க்க முடிய வேண்டும். பிளாஸ்டிக்கை வகுப்பில் உருக்க முடியாது, பேப்பரைக் கரைக்கலாம். அதனால் கதை ஒரு பழைய நோட்டைப் பற்றியது.

*கயலின் நோட்டு*

கயலின் கணக்கு நோட்டு தீர்ந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில்கூட இடம் இல்லை.

"ஆயா, இத்த குப்பைல போட்டுடவா?"

"வேணாம் கண்ணு. பேப்பர் கடைல எடைக்கு வாங்கிப்பாங்க."

கயல் இரண்டு நோட்டுகளை எடுத்துப் போனாள். ஒன்று காய்ந்த நோட்டு. இன்னொன்றில் சாம்பார் கொட்டியிருந்தது. கடைக்காரர் காய்ந்த நோட்டைத் தராசில் வைத்தார். சாம்பார் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல எண்ணெய் ஏறிப்போச்சு பாப்பா. மூட்டைல போட்டா மத்த பேப்பரையும் கெடுத்துடும்."

நோட்டு மூட்டையாகி, லாரி ஏறி, ஆலைக்குப் போனது. அங்கே தண்ணீரில் ஊறியது. கரைந்து கூழானது. கூழ் அச்சில் படிந்தது. சூட்டில் காய்ந்தது.

ஒரு நாள் கயல் முட்டை வாங்கப் போனாள். முட்டை அடுக்கிய சாம்பல் நிறத் தட்டை உற்றுப் பார்த்தாள். அதில் நீல நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி.

"ஆயா, இது என் நோட்டா இருக்குமா?"

"உன்னுதோ, எதிர்வீட்டுப் பையனுதோ! எல்லாம் ஒண்ணா கரைஞ்சதுதானே?"

பழைய நோட்டு புது நோட்டாகத் திரும்பி வருவதாக எழுதினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் கலந்து வரும் பழைய பேப்பரில் நிறையவே அட்டைப்பெட்டியாகவும் முட்டைத் தட்டாகவும் போகிறது. வெள்ளைத் தாள் வேண்டுமென்றால் மையை நீக்க வேண்டும், அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். முட்டைத் தட்டு எந்த மளிகைக் கடையிலும் கண்ணில் படும். பார்க்க முடிகிற பொருளில் கதை முடிவது நல்லது.

பிப்ரவரி 4, செவ்வாய்

கேள்விகள் ஐந்து. முதல் இரண்டும் கதையிலேயே விடை இருப்பவை: கயல் எத்தனை நோட்டு எடுத்துப் போனாள்? கடைக்காரர் எதைத் திருப்பிக் கொடுத்தார்?

மூன்றாவது, ஏன் திருப்பிக் கொடுத்தார்? "அழுக்கு" என்று ஒரே சொல்லில் பதில் வந்தால் அதோடு விடக்கூடாது. பேனாக் கிறுக்கலும் அழுக்குதான், அதைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டாரே என்று திருப்பிக் கேட்க வேண்டும். எண்ணெய் என்ற சொல் அப்போதுதான் வரும்.

நான்காவது, ஊறியது, கூழானது, அச்சில் படிந்தது, காய்ந்தது என்ற நான்கு படங்களை வரிசைப்படுத்துவது. கடைக்காரரே முட்டைத் தட்டு செய்கிறார் என்று சில பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். லாரி படம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

ஐந்தாவது கேள்விக்குக் கதையில் நேரடி விடை கிடையாது: முட்டைத் தட்டு மழையில் ஊறினால் என்ன ஆகும்? "மறுபடியும் கூழாயிடும்" என்று சொல்லும் பிள்ளைக்குக் கதை முழுசாகப் புரிந்திருக்கிறது. எங்களைக் கேட்டால் ஐந்தில் இதுதான் முக்கியமான கேள்வி.

சாம்பார் நோட்டு எங்கே போகும் என்று கட்டாயம் கேட்பார்கள். கிழித்துப் போட்டால் மக்கும், அதனால் மக்கும் குப்பையோடு போகலாம். எல்லாக் குப்பையோடும் கலந்து போட்டால் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குத்தான் போகும். வடசென்னைப் பிள்ளைகளுக்கு அந்த மேட்டை விளக்க வேண்டியதே இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

நாளைய செயல்பாட்டுக்குப் பேப்பர் ஊறவைக்கும் நாள். கணக்கு எளிது. கிங் சைஸ் நோட்டின் ஒரு தாள் சுமார் இரண்டரை கிராம் இருக்கும். அந்த ஒரு தாளிலிருந்து உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, தடித்த அட்டை ஒன்று வரும். ஆளுக்கு ஒரு தாள், ஆளுக்கு ஒரு அட்டை. 30 பிள்ளைகளுக்கு, வீணாவதையும் சேர்த்து 40 தாள், அதாவது 100 கிராம்.

முதலில் ஸ்டேப்ளர் பின்னை எடுத்துவிட வேண்டும். ஒரு பின் தங்கினாலும் மிக்சி பிளேடு போய்விடும். பிறகு தபால் தலை அளவுக்குக் கிழித்து, மூன்று லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடலாம். பளபளக்கும் நோட்டு அட்டையும் டீ கப்பும் வேண்டாம். கிழிக்கும்போது ஓரத்தில் மெல்லிய தோல் போல இழுபட்டால் அதில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அது கரையாது. பில் பேப்பரையும் சேர்க்கக் கூடாது, அதன் மேல் ரசாயனப் பூச்சு இருக்கிறது.

சமையல் எண்ணெய் தடவிய இரண்டு தாளை வேறொரு டப்பாவில் தனியாக ஊறவைத்திருக்கிறோம். மூன்றாவது கேள்விக்கான விடை அதில் இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

மிக்சி வேலை ஆசிரியருடையது. ஜாரில் ஒரு கைப்பிடி ஊறிய பேப்பர், முக்கால் ஜார் தண்ணீர், விட்டு விட்டு அரை நிமிடம். தண்ணீரைக் குறைத்தால் மோட்டார் சூடாகி வாசனை வரும். அரைத்ததை எல்லாம் பக்கெட்டில் ஊற்றி, மொத்தம் எட்டு லிட்டராகும் வரை தண்ணீர் சேர்த்தால் 200 மில்லி டம்ளரில் 40 டம்ளர் கிடைக்கும். ஒரு டம்ளருக்கு ஒரு அட்டை.

அச்சுக்கு ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவின் அடியை வெட்டி எடுத்தாயிற்று. அகலமான தட்டில் இரண்டு விரல் உயரம் தண்ணீர், அதில் ஜன்னல் கொசுவலைத் துண்டு, வலையின் மேல் டப்பா. கூழை ஊற்றி விரலால் மெல்லக் கலைத்துவிட்டு, வலையையும் டப்பாவையும் சேர்த்துப் பிடித்து நேராகத் தூக்க வேண்டும். தட்டில் தண்ணீர் இல்லாமல் ஊற்றினால் கூழ் விழுந்த இடத்திலேயே குவியும். நடு தடித்து, ஓரம் ஓட்டையாகும். ஒவ்வொரு டம்ளருக்கும் முன்னால் பக்கெட்டை அடி வரை கலக்கவும் வேண்டும். கலக்காவிட்டால் நார் அடியில் தங்கி, முதலில் வருகிற பிள்ளைக்கு வெறும் தண்ணீர், கடைசிப் பிள்ளைக்குக் களி.

தண்ணீர் வடிந்ததும் டப்பாவை எடுத்துவிட்டு, வலையைப் பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பிழிய வேண்டும். தேய்த்தால் கிழியும். பிறகு வலையை ஒரு மூலையிலிருந்து உரிக்கலாம். அட்டையும் கூடவே கிளம்பி வந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது, மறுபடி ஒற்ற வேண்டும்.

எண்ணெய்த் தாள் டப்பாவில் பேப்பர் சரியாகக் கரையாமல் சின்னக் கட்டிகளாகவே இருக்கிறது. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம். அதை மிக்சியில் போடாமல் கையால் பிசைந்து அட்டையாக்கினோம், ஜாரில் எண்ணெய் ஏறக் கூடாது.

மிச்சக் கூழைத் தொட்டியில் ஊற்றக் கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். துணியில் வடிகட்டி, உருண்டையாகப் பிழிந்து காயவைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

பிப்ரவரி 10, திங்கள்

மின்விசிறிக் காற்றில் துணியோடு விட்ட அட்டைகள் மொடமொடவென்று காய்ந்துவிட்டன. பிப்ரவரியில் சிக்கல் இல்லை. நவம்பர் மழையில் இதைச் செய்தால் காய்வதற்குள் பூஞ்சை வாசனை வந்துவிடும். அப்போது ஆசிரியர் துணி மூடி இஸ்திரி போடலாம்.

பென்சில் நன்றாகப் பிடிக்கிறது. ஸ்கெட்ச் பேனா மை ஊறிப் பரவுகிறது, ஏனென்றால் கடைத் தாளில் இருக்கும் பசைப்பூச்சு இதில் இல்லை. நீர்த்த சோற்றுக் கஞ்சியை மேலே மெல்லத் தடவிக் காயவைத்தால் பரவுவது குறையும்.

எண்ணெய் அட்டையையும் நல்ல அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினோம். எண்ணெய் அட்டையில் திட்டுத்திட்டாக வெளிச்சம் ஊடுருவுகிறது, பென்சில் வழுக்குகிறது, லேசாக வளைத்ததும் கட்டிகள் சேரும் இடத்தில் பிளக்கிறது. இப்போது மூன்றாவது கேள்விக்கான விடையைப் பிள்ளைகள் திருத்தி எழுத வேண்டும், அவரவர் செய்த அட்டையிலேயே.