சுலபமாக வந்துவிட்ட கட்டி

சார்கோமா பிரிவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வாக்கியத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். முதல் அறுவையின் குறிப்பில் அது இப்படி இருக்கும்: ‘கட்டி உறையோடு முழுதாக, சுலபமாக வந்தது.’ எழுதியவர் நிம்மதியோடு எழுதியிருப்பார். மென்திசு சார்கோமாவில் அந்தச் சுலபம்தான் ஆபத்து. வளரும் கட்டி தன்னைச் சுற்றியுள்ள திசுவை நெருக்கித் தள்ளும்போது ஒரு போலி உறை உருவாகிறது. அந்த உறைக்குள்ளும், அதைத் தாண்டியும் புற்று அணுக்கள் இருக்கும். விரலால் தோண்டி எடுத்தால் கட்டி கையில் வந்துவிடும், நோய் உள்ளேயே தங்கிவிடும்.

எங்களிடம் வந்த நாற்பதுகளில் இருந்த ஒரு பெண்ணின் கதை இது. தொடையின் முன்பக்கம் 7 செ.மீ. கட்டி. எட்டு மாதமாக மெல்லப் பெரிதானது, வலி துளியும் இல்லை. வலி இல்லாததால் அவரும் பொருட்படுத்தவில்லை, பார்த்த மருத்துவரும் கொழுப்புக் கட்டி என்றே நினைத்தார். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. திறந்து பார்த்தபோது கட்டி தசைக்குள் இருந்தது, அங்கிருந்தே தோண்டி எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த பயாப்ஸி முடிவு, உயர்நிலை சார்கோமா, விளிம்புகளில் கட்டி தொடர்கிறது என்றது.

“முழுசா எடுத்துட்டாங்களே டாக்டர், மறுபடியும் எதுக்கு ஆபரேஷன்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் தொடையைப் பார்த்ததும் எனக்குக் கவலை தந்தவை இரண்டு. ஒன்று, தழும்பு குறுக்காக ஓடியது. இன்னொன்று, ரத்தம் வடிய வைத்த டிரெயின் குழாயின் துளை காயத்தை விட்டு நாலு விரற்கடை தள்ளி வெளிப்பக்கத்தில் இருந்தது. முதல் அறுவையில் கத்தி, கை, ரத்தக்கட்டு, குழாய் என எவை எங்கே தொட்டனவோ அந்த இடம் முழுவதும் புற்று அணுக்கள் பரவியிருக்கலாம் என்று கொள்ள வேண்டும். தழும்பு, கட்டி இருந்த குழி, டிரெயின் பாதை, துளை எல்லாவற்றையும் சுற்றியுள்ள நல்ல திசுவோடு ஒரே துண்டாக எடுத்தாக வேண்டும்.

காலின் நீளவாட்டில் கீறியிருந்தால், நீள்வட்டமாக எடுத்துவிட்டு இரு ஓரங்களையும் சேர்த்துத் தைக்க வாய்ப்பு இருந்திருக்கும். குறுக்குத் தழும்பால் அது முடியவில்லை. வேறு இடத்திலிருந்து தோலும் தசையும் கொண்டுவந்து மூட வேண்டியதாயிற்று. கதிர்வீச்சு கொடுக்க வேண்டிய பரப்பும் கூடியது. எம்ஆர்ஐ பெரிதாக உதவவில்லை. அறுவைக்குப் பின் நீர் கோத்த வீக்கத்தையும் மிச்சமிருக்கும் கட்டியையும் அதில் பிரித்தறிவது கடினம். எடுத்த துண்டை நோயியல் நிபுணர் அறுத்துப் பார்த்தபோது குழியின் சுவரில் இரண்டு சிறு முடிச்சுகள் தெரிந்தன. இப்படி மறுஅறுவை செய்யப்படுபவர்களில் பாதிப் பேர்வரை, சில ஆய்வுகளில் அதற்கும் மேல், மிச்சக் கட்டி இருப்பதாகவே பதிவுகள் சொல்கின்றன.

அந்த மருத்துவரை நான் குறை சொல்ல வரவில்லை. நூற்றுக்கணக்கான கட்டிகளில் ஒன்றுதான் சார்கோமா. ஆனால் 5 செ.மீ.க்கு மேல் இருப்பது, தசை உறைக்கு அடியில் இருப்பது, வளர்ந்துகொண்டே போவது, எடுத்த இடத்தில் திரும்ப வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலே கத்தியைத் தொடாமல் படம் எடுக்க வேண்டும். ஆழத்தை அறியத் தசையை இறுக்கச் சொல்லிப் பாருங்கள். இறுக்கியதும் கட்டி அசையாமல் பிடித்துக்கொண்டால் ஆழத்தில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எம்ஆர்ஐயில் எல்லா வரிசைகளிலும் தோலடிக் கொழுப்பைப் போலவே தெரிந்தால் பெரும்பாலும் கொழுப்புக் கட்டிதான். அப்படித் தெரியாவிட்டால் சார்கோமா குழுவுக்கு அனுப்பிவிடலாம். தடித்த ஊசியில் பயாப்ஸி எடுப்பதைக்கூட அவர்களிடமே விடுவது நல்லது, ஏனென்றால் ஊசி போன பாதையும் பின்னால் வரும் அறுவைக்கோட்டுக்குள் அடங்க வேண்டும்.

இந்த அடையாளங்களுக்குள் சிக்காத சிறிய, மேலோட்டமான சார்கோமாக்களும் உண்டு. யோசிக்காமல் எடுக்கப்படுபவை அதிகமும் இவைதான். அதனால் எடுத்த எந்தக் கட்டியையும் நோயியல் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடக் கூடாது. கொழுப்பென்று நினைத்துத் திறந்த இடத்தில் சாம்பல் வெள்ளையாக, மீன் சதைபோல ஏதாவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சிறு துண்டு மட்டும் பயாப்ஸிக்கு எடுத்து, ரத்தக்கசிவை நன்றாகக் கட்டுப்படுத்தி மூடிவிடலாம். டிரெயின் தவிர்க்க முடியாவிட்டால் காயத்தின் நுனியை ஒட்டி, அதே நேர்கோட்டில் வையுங்கள்.

சரி, எடுத்தாகிவிட்டது, முடிவும் வந்துவிட்டது என்றால், அவசரப்பட்டு அங்கேயே மறுபடி திறக்காமல் அனுப்புங்கள். கடிதத்தோடு அறுவைக் குறிப்பு, மெழுகுக் கட்டைகள், கண்ணாடித் தகடுகள், முன்பு எடுத்த படம் இருந்தால் அது, எல்லாம் வரட்டும். கட்டி எந்தத் தளத்தில் இருந்தது, எடுக்கும்போது உடைந்ததா, டிரெயின் எங்கே வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். உடைந்திருந்தால் உடைந்தது என்றே எழுதுங்கள். எவ்வளவு அகலமாக எடுப்பது என்று முடிவு செய்ய அந்த ஒரு வரியும் எங்களுக்கு வேண்டும்.