தீர்ப்பு கார்டும் திரும்பி வர விரும்பியவரும்: மூன்று வாரக் குறிப்பு

படக் கார்டுகளை எடுத்துப் பொருள் சொல்லும் டாரட் வாசிப்பைப் படிக்கத் தொடங்கி ஒன்பது மாதங்கள் ஆகின்றன. இதுவரை எனக்காக மட்டுமே கார்டு எடுத்து வந்தேன். இந்த மாதம்தான் முதன்முறையாக இன்னொருவருக்காக எடுத்தேன். பெங்களூரு அல்சூரில் எங்கள் கீழ் வீட்டில் குடியிருக்கும் அக்காவுக்காக. அவர் அனுமதியுடன் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அக்காவின் கணவர் வீட்டை விட்டுப் போனார். போகும்போது அக்காவின் வளையல்கள் அடகில் இருந்தன. வட்டியை அக்காவே கட்டி வருகிறார். இப்போது கணவர், "திரும்பி வரட்டுமா?" என்று கேட்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

முதல் வாரம் மூன்று கார்டுகள் எடுத்தேன்: ஒன்று அவருக்கு, ஒன்று அக்காவுக்கு, ஒன்று இருவருக்கும் இடையே உள்ளதற்கு. அவர் இடத்தில் ஆறு கோப்பைகள் வந்தது. அக்கா இடத்தில் தீர்ப்பு, நேராக. நடுவில் இரண்டு வாள்கள்.

தீர்ப்பைப் பார்த்ததும், "இரண்டாம் வாய்ப்பு அக்கா, ஏற்றுக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறது" என்று சொல்லிவிட்டேன். அது என் தவறு. கார்டின் பெயரையும் மனப்பாடமான பொருளையும் சொன்னேனே தவிர, படத்தைப் பார்க்கவில்லை.

நான் வைத்திருப்பது 1909இல் வெளிவந்த ரைடர்-வெயிட் கட்டு. படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். இருபதாம் கார்டான தீர்ப்பில் வானத்தில் ஒரு தேவதூதர் எக்காளம் ஊதுகிறார். கீழே சவப்பெட்டிகளிலிருந்து மனிதர்கள் கை விரித்து எழுகிறார்கள். அன்று இரவு அந்தப் படத்தை விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். ஒருவர்கூடப் பெட்டிக்குள் திரும்பிப் படுக்கவில்லை. பழைய வாழ்க்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்வது இந்தக் கார்டின் பேச்சே இல்லை. முடிந்துபோன ஒன்றிலிருந்து எழுந்து, அதற்குக் கணக்குக் கொடுப்பதுதான் அதன் பேச்சு.

அப்போதுதான் ஆறு கோப்பைகளும் வேறு விதமாகத் தெரிந்தது. பழைய முற்றம், ஒரு சிறுவன் சிறுமிக்குப் பூ நிறைந்த கோப்பையை நீட்டுகிறான். அது ஏக்கத்தின் கார்டு. அவர் பழைய வீட்டை நினைத்து ஏங்குகிறார். எக்காளமோ அக்காவின் இடத்தில் ஒலிக்கிறது. தீர்ப்பு அவர் இடத்தில் வந்திருந்தால் அவர் தன் செயலைத் தானே எடைபோடத் தொடங்கிவிட்டார் என்று வாசித்திருப்பேன். இங்கே அப்படி வாசிக்க இடமில்லை. நடுவில் இருக்கும் இரண்டு வாள்களில் கண் கட்டிய பெண் வாள்களைக் குறுக்கே பிடித்து உட்கார்ந்திருக்கிறாள்: முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை.

இரண்டாம் வாரம் இன்னொரு பிழை செய்தேன். அக்கா கேட்டதற்காக அதே கேள்விக்கு மீண்டும் எடுத்தேன். அவர் இடத்தில் சூரியன் வந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது, எனக்கோ மனம் உறுத்தியது. முதல் கார்டுகள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், பிடித்த பதில் வரும்வரை எடுத்துக்கொண்டே போவது வாசிப்பு ஆகாது. இதை அக்காவிடமே சொன்னேன். நிலைமையில் ஏதாவது மாறாமல் அதே கேள்விக்கு இனி எடுப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

மூன்றாம் வாரம் புதிய கார்டு எதுவும் எடுக்கவில்லை. தீர்ப்பை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு பேசினோம். அதன் முன்பகுதியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே அவர்கள் குழந்தை நிற்கிறது. நமக்கு முதுகைக் காட்டி நிற்பதால் அதன் முகம் தெரியாது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவளிடம் நான் இன்னும் கேட்கவே இல்லையே" என்றார்.

கணவருடைய மனம் உண்மையில் மாறியதா என்று கார்டு காட்டாது. அதை அவர் செய்வதில்தான் பார்க்க முடியும். ஆகவே எதைப் பார்ப்பது என்று எழுதிக்கொண்டோம். ஏன் போனேன் என்பதை அக்கா மேல் பழி போடாமல் அவரால் சொல்ல முடிகிறதா? அடகு நகையைப் பற்றி அவராகவே பேசுகிறாரா? மகள் முகம் கொடுக்காத நாளிலும் பொறுமையாக இருக்கிறாரா?

முதல் கேள்விக்கு அவர் தொலைபேசியில், "நடந்ததை மறந்துவிடுவோம்" என்றாராம். அக்கா மறுத்துவிட்டார். நான்கு நாட்கள் கழித்து அவர் மீண்டும் அழைத்து, அடகுச் சீட்டின் எண்ணைக் கேட்டிருக்கிறார்.

மகளிடமும் அக்கா பேசிவிட்டார். அப்பா வீட்டுக்குள் வருவது இப்போது வேண்டாம், ஏரிக்கரையில் பார்க்கலாம் என்றாளாம். வரும் ஞாயிறு காலை அல்சூர் ஏரிக்கு மகளுடன் அக்காவும் போகிறார்.