மணிக்கட்டில் இருபத்திரண்டு வரிகள்

யூலை 14, ஞாயிறு

இன்று காலை பண்ணை வீதியில் வேலணைப் பக்கமாக ஓடும்போது சோளகம் நேர் எதிரே நின்று தள்ளியது. போகும்போது ஒரு கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 50 செக்கன் ஆயிற்று. திரும்பும்போது அதே மூச்சில், அதே உழைப்பில் 5 நிமிடம் 20 செக்கன்தான் ஆயிற்று. காற்றில்லாத நாளில் இந்த உழைப்பு எனக்கு 5 நிமிடம் 30 செக்கனைத் தரும். காற்று எடுத்துக்கொண்டது 20 செக்கன், திருப்பித் தந்தது 10 செக்கன். எதிர்வரும் ஆகஸ்ட் 4ஆம் திகதி கண்டிக்கு அருகே நான் ஓடவிருக்கும் அரை மரதனில் மலையும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதால், உழைப்பைச் சமமாக வைத்து வேகத்தை அதன் போக்கில் மாறவிடுவதற்கு ஒரு நேரப் பட்டை செய்துகொள்வதென்று முடிவு செய்தேன். எந்தக் கிலோமீற்றர்ப் பலகையைக் கடக்கும்போது கடிகாரம் என்ன காட்ட வேண்டும் என்பதை அச்சிட்டு மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதே நேரப் பட்டை. சம வேகத்துக்கான பட்டைகளை எவரும் நிமிடத்தில் தயாரித்துவிடலாம். ஆனால் என் பயிற்சிப் பாதையின் ஏற்ற இறக்கம் ஐந்து மீற்றரைக்கூடத் தாண்டாது என்றிருக்க, மலைப்பாதைக்குச் சமவேகப் பட்டையைக் கட்டிக்கொண்டு போவது வீண் வேலை.

யூலை 17, புதன்

ஏற்பாட்டாளர்கள் தந்த பாதைக் கோப்பு மொத்த ஏற்றத்தை 410 மீற்றர் என்று காட்டியது. எனக்கு அது நம்பும்படியாக இல்லை. செய்மதி உயரத் தரவில் ஒவ்வொரு புள்ளியும் சில மீற்றர் மேலும் கீழும் ஆடும். மலைச்சரிவை வெட்டிப் போட்ட வீதியென்றால், வீதியின் உயரத்துக்குப் பதிலாகப் பக்கத்துச் சரிவின் உயரத்தையே அது எடுத்துக்கொள்வதும் உண்டு. அந்த ஆட்டங்களையெல்லாம் கூட்டினால் இல்லாத மலை ஒன்று எழுந்துவிடும். பேராதனையில் படிக்கும் என் மருமகன், காற்றழுத்தத்தால் உயரம் அளக்கும் கடிகாரம் ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கி, சைக்கிளில் பாதை முழுவதையும் சுற்றி வந்தான். அவனது பதிவில் மொத்த ஏற்றம் 270 மீற்றர், இறக்கமும் 270 மீற்றர். தொடங்கிய இடத்திலேயே முடியும் பாதையாதலால் இரண்டும் ஒத்துப்போனதே பதிவு சரி என்பதற்கு ஓரளவு சாட்சி.

தொலைபேசியில் அவன் இன்னொன்றும் சொன்னான்: “எட்டாம் கட்டை தாண்டினவுடன ஒரு இறக்கம் வருது மாமா, அதில பிரேக்கை விடவே ஏலாமல் போச்சு.” அதையும் குறித்து வைத்தேன்.

அவன் அனுப்பிய பதிவைக் கிலோமீற்றர்வாரியாகப் பிரித்தபோது ஒரு தவறைச் செய்யப் பார்த்தேன். ஒவ்வொரு கிலோமீற்றரின் தொடக்க உயரத்தையும் முடிவு உயரத்தையும் கழித்தால் போதுமென்று நினைத்தேன். பதினோராவது கிலோமீற்றர் 20 மீற்றர் ஏறி 20 மீற்றர் இறங்குகிறது. கழித்தால் சைபர், தட்டையான வீதி. கால்களுக்கு அது தட்டையல்ல. ஆகவே ஏற்றத்துக்கு ஒரு நிரல், இறக்கத்துக்கு இன்னொரு நிரல் என்று தனித்தனியே எழுதினேன்.

யூலை 20, சனி

ஒரு மீற்றர் ஏறுவதற்கு எத்தனை செக்கன் கூட்டுவது, ஒரு மீற்றர் இறங்குவதற்கு எத்தனை செக்கன் கழிப்பது என்பதே கணக்கின் உயிர்நாடி. மினெற்றி என்ற இத்தாலிய உடலியங்கியல் அறிஞரும் அவரது குழுவினரும் சாய்ந்த ஓடுபட்டையில் மலை ஓட்டவீரர்களை ஓடவிட்டு அளந்து, 2002 இல் வெளியிட்ட சமன்பாட்டை எடுத்துக்கொண்டேன். அதன்படி 5 வீதச் சாய்வில் ஏறும்போது, ஒரு மீற்றர் தூரத்துக்குச் செலவாகும் சக்தி தட்டையான தரையைவிட ஏறத்தாழ 30 வீதம் கூடுகிறது. 5 வீதச் சாய்வு ஒரு கிலோமீற்றருக்கு 50 மீற்றர் ஏற்றம். எனது 330 செக்கனில் 30 வீதம் 99 செக்கன். எனவே ஏறும் ஒவ்வொரு மீற்றருக்கும் இரண்டு செக்கன்.

இறக்கத்தில் அதே சமன்பாடு சக்திச் செலவு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவதாகச் சொல்கிறது, அதாவது மீற்றருக்கு ஒன்றரைச் செக்கன் மிச்சம். ஆனால் இறங்கும்போது எல்லையிடுவது மூச்சு அல்ல. தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பழகாத கால்கள் தம்மையறியாமல் வேகத்தைத் தடுக்கும். யாழ்ப்பாணத்துக் கால்களுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? ஆகையால் கழிப்பதற்கு மீற்றருக்கு ஒரு செக்கன் மட்டும் வைத்தேன்.

விரிதாளில் B நிரலில் ஏற்றமும் C நிரலில் இறக்கமும் மீற்றரில் இருக்கின்றன. D2 கலத்தில் சைபரை இட்டு, D3 இலிருந்து 21ஆம் கிலோமீற்றர் வரை இந்தச் சூத்திரத்தைக் கீழே இழுத்தேன்; மிச்சமுள்ள 97 மீற்றருக்கான கடைசி வரியில் மட்டும் 330 க்குப் பதில் 32:

```
=D2+(330+2*B3-C3)/86400
```

86400 என்பது ஒரு நாளின் செக்கன்கள். விரிதாள் நேரத்தை நாளின் பின்னமாக வைத்திருப்பதால் அதனால் வகுக்க வேண்டும். கலங்களின் வடிவத்தை `[h]:mm:ss` என்று மாற்றியதும் திரள் நேரங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாக் கிலோமீற்றருக்கும் சேர்த்து ஏற்றம் 540 செக்கனைக் கூட்டுகிறது, இறக்கம் 270 செக்கனைக் கழிக்கிறது. தட்டைப் பாதையில் 1:56:02 ஆக இருந்திருக்கும் ஓட்டம், இந்தப் பாதையில் 2:00:32 ஆகிறது.

பெரிய ஏற்றம் நான்காம் கிலோமீற்றரில் தொடங்கி ஏழின் நடுவில் முடிகிறது; பிறகு பத்து வரை இறக்கம். அந்தப் பகுதி மட்டும் இப்படி இருக்கிறது:

```
 3    16:45
 4    23:05
 5    29:55
 6    36:55
 7    42:55
 8    47:55
 9    52:35
10    57:35
```

இதே 2:00:32 ஐச் சம வேகத்தில் பங்கிட்டால் ஆறாம் கிலோமீற்றரை 34:17 இல் கடக்க வேண்டும். என் பட்டை 36:55 என்கிறது. சமவேகப் பட்டையைக் கட்டியவர் அந்த இடத்தில் தன்னை 2 நிமிடம் 38 செக்கன் பிந்தியவராகக் கருதி, இன்னும் முடியாத ஏற்றத்தில் காலை எட்டிப் போடத் தொடங்குவார். பத்தாம் கிலோமீற்றரில் இரண்டு பட்டைகளுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 27 செக்கன்தான். பிந்தியதாகத் தோன்றியதை இறக்கமே அடைத்துவிடும் என்பதைப் பட்டை சொல்லாவிட்டால் ஓடுபவருக்கு அது தெரிய வழியில்லை.

யூலை 22, திங்கள்

விரிதாளில் 21ஆம் கிலோமீற்றர் சரியாக 2:00:00 என்று வந்திருக்கிறது, மிச்சம் 97 மீற்றருக்கு 32 செக்கன். 330 ஐ 328 ஆக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும் என்று நேற்றிரவு முழுவதும் கை அரித்தது. ஆனால் 330 நான் ஓடிக் கண்ட எண், 328 நான் விரும்பும் எண். மாற்றவில்லை.

யூலை 27, சனி

பட்டையை வீட்டு அச்சுப்பொறியில் அடித்து ஒரு தடவை கட்டிப் பார்த்ததில், மை வியர்வையில் கரைந்து ஆறும் எட்டும் ஒன்றாகிவிட்டன. எனவே ஆஸ்பத்திரி வீதியில் ஒரு போட்டோக் கொப்பிக் கடைக்குப் போய் லேசர் அச்சில் எடுத்தேன். பட்டையின் அகலம் 5 சென்ரிமீற்றர்; நீளம் என் மணிக்கட்டின் சுற்றளவு 17 உடன் ஒட்டுவதற்கு 3 சேர்த்து 20 சென்ரிமீற்றர்.

கடைக்காரத் தம்பி தாளை முழுதாக லமினேற் செய்துவிட்டுப் பிறகு பட்டையாக வெட்டினார். அப்படி வெட்டினால் தாளின் ஓரம் திறந்துவிடும், அதன் வழியே வியர்வை உள்ளே ஏறும். தாளை முதலில் பட்டையாக வெட்டி, பிறகு லமினேற் செய்து, சுற்றிலும் மூன்று மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் ஓரம் விட்டு மறுபடி வெட்டுமாறு கேட்டேன். “இவ்வளவு நுணுக்கமா, அண்ணை?” என்று சிரித்தாலும் செய்து தந்தார். மூலைகளை வளைவாக வெட்டிக்கொள்வது அவசியம், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் தோலைக் கீறிவிடும்.

எழுத்தளவில்தான் அதிக நேரம் போனது. எனக்கு வெள்ளெழுத்துத் தொடங்கி இரண்டு வருடமாகிறது, ஓடும்போது கண்ணாடி போடுவதில்லை. முதல் வரைவில் ஒவ்வொரு வரியிலும் கிலோமீற்றர், அந்தக் கிலோமீற்றருக்கான நேரம், திரள் நேரம் என்று மூன்று எண்கள் இருந்தன. நடு எண்ணை நீக்கினேன். களைத்த நேரத்தில் மூளைக்குக் கழித்தல் கணக்கு வராது. கடிகாரத்தில் உள்ள எண்ணும் பட்டையில் உள்ள எண்ணும் ஒரே வகையாக இருந்தால் ஒப்பிட்டால் போதும். இப்போது இரண்டு நிரல்களில் பதினொன்று பதினொன்றாக இருபத்திரண்டு வரிகள், தடித்த எழுத்தில். ஏறும் கிலோமீற்றர்களின் வரிகளுக்குச் சாம்பல் நிறப் பின்னணி கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3, சனி, கண்டி

ஏ9 வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்து சேர்ந்தேன். கடிகாரத்தில் கிலோமீற்றருக்கு ஒருமுறை தானாகச் சுற்றுப் பதியும் வசதியை நிறுத்திவிட்டேன். போட்டிப் பாதை வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்படுவது, நாமோ அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. செய்மதி வழி அளவும் சற்று மிகைப்படும். பலகை வருமுன்னரே கடிகாரம் துடித்துவிடும், அந்தத் துடிப்பைப் பட்டையோடு ஒப்பிட்டால் முந்திவிட்டோம் என்ற பொய்யான நிம்மதிதான் கிடைக்கும். பலகையைக் கடக்கும்போது பொத்தானை நானே அழுத்துவேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, கண்டி

2:01:09. பட்டையைவிட 37 செக்கன் கூட.

தொடக்கக் கோட்டின் பாயைக் கடந்தபோதே கடிகாரத்தை இயக்கினேன், வெடிச் சத்தத்துக்கு அல்ல. ஏற்றத்தில் பலர் என்னைத் தாண்டிச் சென்றார்கள், சாம்பல் வரிகளைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தேன். ஆறாம் பலகையில் 37:02, ஏழு செக்கன் மட்டும் பிந்தியிருந்தேன். எட்டிலும் அதே ஏழு. ஒன்பதில் 52:57, அதாவது 22 செக்கன் பிந்திவிட்டேன். இறங்கும் கிலோமீற்றரில் எப்படிப் பிந்தினேன் என்று அப்போது விளங்கவில்லை, துரத்தாமல் விட்டுவிட்டேன்.

பதின்மூன்றாம் பலகையில் கடிகாரம் அந்தக் கிலோமீற்றரை 5:02 என்று காட்டியது, திட்டம் 5:40. திடீரென்று 16 செக்கன் முந்தியிருந்தேன். நெஞ்சு குளிர்ந்தாலும் நம்பவில்லை. பதினான்காம் பலகையில் 1:20:36, மறுபடியும் 21 செக்கன் பின்னே. பதின்மூன்றாம் பலகையைத்தான் ஏறத்தாழ 110 மீற்றர் முன்னதாக நட்டுவிட்டிருந்தார்கள். பட்டையில் கிலோமீற்றர்வாரி நேரம் மட்டும் இருந்திருந்தால், ஒருமுறை மகிழ்ந்து மறுமுறை பதறியிருப்பேன்.

பதினைந்தாம் கிலோமீற்றரின் ஏற்றத்தில் எதுவும் இழக்கவில்லை. கடைசி ஆறில்தான் தொடை இறுகி, மேலும் 16 செக்கன் போயிற்று. கடிகாரம் காட்டிய மொத்தத் தூரம் 21.34.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

படியிறங்க முடியாமல் இரண்டு நாளாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடக்கிறேன். உட்கார்ந்து ஒன்பதாம் கிலோமீற்றரைப் பார்த்தேன். அதில் மொத்த இறக்கம் 50 மீற்றர் என்று எழுதி 50 செக்கனைக் கழித்திருந்தேன். மருமகனின் பதிவை நூறு நூறு மீற்றராகப் பிரித்தபோது, அதில் 30 மீற்றர் இறக்கம் முதல் 300 மீற்றருக்குள்ளேயே விழுந்திருப்பது தெரிந்தது. 10 வீதச் சாய்வு. என் சூத்திரம் அந்த 300 மீற்றரை 69 செக்கனில் ஓடச் சொல்லியிருக்கிறது, அதாவது கிலோமீற்றருக்கு 3 நிமிடம் 50 செக்கன். சமதரையில்கூட நான் அப்படி ஓடுவதில்லை. பிரேக்கை விட முடியவில்லை என்று அவன் சொன்னதைக் குறித்து வைத்த நான், அதை விரிதாளில் ஏற்றவில்லை.

இனி, 6 வீதத்தைவிடச் செங்குத்தான இறக்கம் எதுவானாலும் 6 வீதமாகவே கணக்கிடுவதென்று மாற்றியிருக்கிறேன். அந்த 300 மீற்றருக்கு 30 க்குப் பதில் 18, மிச்சத்துக்கு 20, மொத்தம் 38. ஒன்பதாம் கிலோமீற்றர் 4:40 இலிருந்து 4:52 ஆகிறது. நான் ஓடியது 4:55.