எட்டு மூவில் ஐந்து ராணிக்கே

நடுவைப் பிடி, காய்களைச் சீக்கிரம் வெளியே எடு என்று செஸ் சொல்லித் தருபவர்கள் எல்லோரும் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நான் பாட்டுக்கு ராணியைத்தான் முதலில் ஓட்டிக்கொண்டிருந்தேன். நாலே மூவில் மேட் கிடைக்கும் என்ற ஆசைதான், வேறென்ன. போன வாரம் தோற்ற ஓர் ஆட்டத்தை உட்கார்ந்து ஒவ்வொரு மூவாக எண்ணிப் பார்த்தேன்.

நான் வெள்ளை.

```
1.e4 e5 2.Qh5 Nc6 3.Bc4 g6
4.Qf3 Nf6 5.Qb3 Nd4 6.Bxf7+ Ke7
7.Qc4 b5 8.Qd3 Kxf7
```

g6 என்று சிப்பாய் தள்ளியதும் ராணி ஓட வேண்டியதாயிற்று, f3 போய் மறுபடி f7-இல் மேட் மிரட்டினேன். அதைத் தடுக்க அவர் செய்தது Nf6. அதாவது எப்படியும் வெளியே எடுக்க வேண்டிய குதிரையை எடுத்தார், என் மிரட்டலும் போச்சு! அப்புறம் b3-க்குப் போனேன், d4-க்கு வந்த குதிரை ராணியையும் c2-வையும் சேர்த்து அடித்தது. செக் வைத்துச் சமாளிக்கப் பார்த்தேன். Qc4 வைத்தபோது f7-இல் நிற்கும் மந்திரி, c2 சிப்பாய் இரண்டையும் ராணியே காத்துவிடும் என்று ஒரு நிம்மதி. b5 என்று ஒரு சிப்பாய் வந்து அதையும் கலைத்துவிட்டது. ஒரு சிப்பாய்க்கு மந்திரியைக் கொடுத்ததுதான் மிச்சம். எண்ணினால் எட்டு மூவில் ஐந்து ராணிக்கே போயிருக்கிறது, என் இரண்டு குதிரையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவருடைய ராஜா வெளியே வந்து நின்றாலும் தாக்க என்னிடம் ஆள் இல்லை.

நடு விஷயம் இதே ஆட்டத்தில்தான் புரிந்தது. d4-இல் நிற்கும் குதிரைக்கு எட்டுக் கட்டம் எட்டும், ஓரத்தில் a3-இல் நாலு, மூலையில் இரண்டே இரண்டு. அந்த ஒரு குதிரை என்னை அவ்வளவு ஆட்டியதற்கு அது நின்ற இடம்தான் காரணம். தொடக்கத்திலேயே Nf3 ஆடியிருந்தால் அது d4-க்கு அவ்வளவு சுலபமாக வந்திருக்காது, ஆனால் f3-இல் என் ராணி உட்கார்ந்திருந்தது.

சரி என்று இந்த வாரம் மாற்றி ஆடினேன்: e4, Nf3, Bc4, காஸ்லிங், அதற்கு முன் ராணியைத் தொடுவதில்லை. ஆட்டங்கள் கொஞ்சம் சப்பென்று இருக்கின்றன, ஆனால் பத்தாவது மூவிலேயே மந்திரியை இழப்பது நின்றுவிட்டது. ஒரே ஒரு தடவை நடுவைப் பிடிக்கிறேன் என்று e, d, f சிப்பாய் மூன்றையும் மடமடவென்று தள்ளிவிட்டேன், எதிராளி ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குத்த ஆரம்பித்தபோது அவற்றைத் தாங்க ஒரு குதிரைகூட வெளியே வந்திருக்கவில்லை.